யார் உயரம், யார் மூத்தவர்: சங்கிலியா, அடிப்பா, அம்புப் படமா?

குரூப் 4 தேர்வில் 200 கேள்விக்கு மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 நொடிதான். அதற்குள் உயர வரிசைக் கணக்கை முடிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்றையும் ஒரே கணக்கில் போட்டுப் பார்த்தால் எது எங்கே கைவிடும் என்று தெரிந்துவிடும்.

பாம்பன் தெற்குவாடியில் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போகிற ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். குறிப்புகள் இவை: செய்யது நம்புவை விட உயரம். அந்தோணியை விட முனியசாமி உயரம். நம்பு காளியை விடக் குட்டை. செய்யதை விட அந்தோணி உயரம். காளி முனியசாமியை விடக் குட்டை.

எந்த வழியானாலும் முதல் வேலை, ஐந்தையும் ஒரே திசைக்கு மாற்றுவது. தமிழில் பெயர் எந்த வரிசையிலும் வரும் என்பதால், முதலில் வருபவரைப் பெரியவராக எடுத்தால் தவறிவிடும். ‘விட’ ஒட்டிய பெயரைப் பிடியுங்கள். வாக்கியம் ‘உயரம்’ என்று முடிந்தால் அவர் சிறியவர், ‘குட்டை’ என்று முடிந்தால் அவர் பெரியவர்.

செய்யது > நம்பு
முனியசாமி > அந்தோணி
காளி > நம்பு
அந்தோணி > செய்யது
முனியசாமி > காளி

பெரும்பாலோர் போடுவது ஒற்றைச் சங்கிலி. குறிப்பு வர வர ஒரே வரியில் கோர்ப்பார்கள். மூன்றாம் குறிப்பில் சிக்கல் தொடங்குகிறது. காளி நம்புவுக்கு மேல் என்பது தெரிகிறது, செய்யதுக்கு மேலா கீழா என்று யாரும் சொல்லவில்லை. வரியில் எங்காவது எழுதித்தானே ஆக வேண்டும் என்று செய்யது > காளி > நம்பு என்று எழுதிவிட்டால், கொடுக்காத ஒரு குறிப்பைச் சேர்த்ததாகிவிடும். விடை அழகாக வரும், தவறாக இருக்கும். கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. எழுதிய வரிசையில் பக்கத்துப் பக்கத்து இருவரை ஒவ்வொரு ஜோடியாகப் பாருங்கள். அந்த ஜோடியைப் பற்றி நேரடியான குறிப்பு இல்லையென்றால், அவர்களை இடம் மாற்றினாலும் எந்தக் குறிப்பும் உடையாது. அப்படியானால் அந்த வரிசை உறுதியானது அல்ல.

அடிக்கும் முறை இதைவிட வேகம். ‘யார் மிக உயரம்?’ என்று மட்டும் கேட்டால் படமே வேண்டாம். சிறிய பக்கம் ஒருமுறை வந்தவரையெல்லாம் அடித்துவிடுங்கள். நம்பு, அந்தோணி, செய்யது, காளி போய்விட்டார்கள், மிச்சம் முனியசாமி. மிகக் குட்டை யார் என்றால் பெரிய பக்கத்தை அடியுங்கள், நம்பு மிஞ்சுவார். இருவர் மிஞ்சினால் தரவு போதாது. ஒருவருமே மிஞ்சவில்லையென்றால் ஏதோ ஒரு குறிப்பைத் தலைகீழாகப் படித்திருக்கிறீர்கள். இரண்டாம் இடத்துக்கும் இந்த முறை ஓடும். முனியசாமியையும் அவர் வரும் குறிப்புகளையும் நீக்கிவிட்டு மறுபடி அடித்தால் அந்தோணி, காளி இருவரும் நிற்கிறார்கள். ஆக, இரண்டாமவர் யார் என்று சொல்ல முடியாது. விடைத்தாளில் ‘தரவு போதாது’ என்ற விடையும் ‘விடை தெரியவில்லை’ என்ற E கட்டமும் வேறு வேறு. இங்கே விடை தெரிந்துதான் இருக்கிறது.

நடு இடங்களைக் கேட்டால் அம்புப் படம்தான். முனியசாமியை மேலே எழுதுங்கள். அவருக்குக் கீழே இடப்பக்கம் அந்தோணி, அவருக்குக் கீழே செய்யது. வலப்பக்கம் காளி தனியாக. இரு கிளையும் அடியில் நம்புவிடம் சேரும். காளி எந்த உயரத்தில் நிற்கிறார் என்று படம் சொல்வதில்லை. சொல்லாமல் விடுவதுதான் இதன் பலம். ஒருவருக்கு நிச்சயமாக மேலே இருப்பவர்களை எண்ணி ஒன்று கூட்டினால் அவர் எட்டக்கூடிய முதல் இடம். மொத்தத்தில் நிச்சயமாகக் கீழே இருப்பவர்களைக் கழித்தால் கடைசி இடம். காளிக்கு 2 முதல் 4 வரை, அந்தோணிக்கு 2 அல்லது 3, செய்யதுக்கு 3 அல்லது 4.

‘காளியை விடக் குட்டையானவர்கள் இருவர் மட்டுமே’ என்று ஆறாவது குறிப்பு வந்தால் அடிக்கும் முறைக்கு அதை வைக்க இடமே இல்லை. படத்தில் காளி நேராக மூன்றாம் இடத்தில் உட்காருவார். வரிசை முனியசாமி, அந்தோணி, காளி, செய்யது, நம்பு.

ஆகவே முதல் இடத்தையோ கடைசி இடத்தையோ கேட்டால் அடிப்பு, மற்றதற்குப் படம். சங்கிலி, குறிப்புகள் ஒன்றன் வால் பிடித்து ஒன்றாக வரும்போது மட்டும்.

வயதுக் கணக்கிலும் இதே வேலைதான், ஆனால் உறவுமுறை குறிப்பாக ஒளிந்திருக்கும். ‘மேரி செல்வியின் அக்கா’ என்றால் மேரி > செல்வி என்று தாராளமாக எழுதலாம். ‘சூசை ராஜாவின் சித்தப்பா, அப்பாவின் தம்பி’ என்றால் சூசை ராஜாவின் அப்பாவுக்கு இளையவர், அவ்வளவுதான். அண்ணன் மகனை விட வயதில் சின்ன சித்தப்பாக்கள் பெரிய குடும்பங்களில் உண்டு. அதனால் சூசைக்கும் ராஜாவுக்கும் இடையே அம்பு போடாதீர்கள். பிறந்த ஆண்டு கொடுத்திருந்தால் சிறிய எண் மூத்தவருக்கு. ‘மூத்தவர் அல்ல’ என்று வந்தால் இளையவராகவோ சம வயதாகவோ இருக்கலாம். ஒரே வயதில் இருவர் இல்லை என்று கேள்வி சொல்லியிருந்தால் மட்டும் அதை இளையவர் என்று எழுதுங்கள்.