டர்பன்ல ஒரு மசாலா கடை, மூணு வழி: பில்டரா, வேர்ட்பிரஸ்ஸா, சொந்த கோடா?

"தம்பி, வெப்சைட்டுக்கு எவ்ளோ ஆகும்"னு கேக்கற கடைக்காரங்க எல்லாருக்கும் நான் முதல்ல திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான், ஆர்டர் இப்ப எப்படி வருது? சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கற கடைகள்ல பாதிப் பேரு சொல்றது வாட்ஸ்ஆப்தான். மாசத்துக்கு ஒரு முப்பது நாப்பது ஆர்டர் வாட்ஸ்ஆப்ல வருது, காசு ஈஎஃப்டியா, அதாவது பேங்க்ல இருந்து பேங்குக்கு போட்டுட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பறாங்க, அவ்ளோதான். அந்தக் கடைக்கு முழு ஆன்லைன் ஸ்டோர் வேணுமான்னு கேட்டா, பல தடவை வேணாம்னுதான் சொல்லுவேன், அதனால எனக்கு வேலை போனாலும் பரவால்ல.

சரி, ஒரு கடைய வெச்சே பேசுவோம். மசாலா, பருப்பு, பூஜை சாமான் விக்கற கடை. ஒரு அறுபது பொருள், அதுல மசாலா எல்லாம் 250 கிராம், 500 கிராம், 1 கிலோன்னு பிரிஞ்சு வரும். வருஷம் முழுக்க சுமாரா ஓடும், புரட்டாசியும் தீபாவளியும் வந்தா மட்டும் ஜோபர்க், கேப்டவுன்ல இருந்தெல்லாம் கூரியர்ல கேப்பாங்க. ஆன்லைன்ல மாசம் 20,000 ரேண்டு வியாபாரம் எதிர்பாக்கறாங்கன்னு வெச்சுக்குவோம். கடையில அக்கா ஒருத்தங்கதான், கம்ப்யூட்டர்னா இமெயில், எக்செல் வரைக்கும் தெரியும்.

முதல்ல பில்டர், அதாவது மாசக் காசு கட்டி ரெடிமேடா கடை போட்டுக்கற ஷாப்பிஃபை, விக்ஸ் மாதிரி. இதுல விலைய பாக்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது, நம்ம ஊர் பேமென்ட் இதுல வேலை செய்யுதாங்கறது. வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு வந்து நிறைய பேர் மாட்டறது இங்கதான். ஆன்லைன்ல கார்டு காச வாங்கித் தர்ற ஸ்ட்ரைப் கம்பெனி தென்னாப்பிரிக்கா கடைகளுக்கு நேரடியா கணக்கு தர்றதில்ல. அதனால ஸ்ட்ரைப்ப நம்பி இருக்கற பில்டர் எவ்ளோ அழகா இருந்தாலும் நமக்கு பேபால் மட்டும்தான் மிஞ்சும், வாடிக்கையாளருக்கு அது பழக்கமே இல்ல. ஷாப்பிஃபைல பேஃபாஸ்ட் மாதிரி உள்ளூர் கேட்வே, அதாவது வாடிக்கையாளர்கிட்ட காசு வாங்கி நமக்குத் தர்ற சேவை, போட முடியும், ஆனா ஷாப்பிஃபையோட சொந்த பேமென்ட் இங்க கிடையாது, அதனால வெளி கேட்வே வழியா வர்ற ஒவ்வொரு விற்பனைக்கும் பேசிக் பிளான்ல 2 சதவீதம் அவங்க தனியா எடுத்துப்பாங்க. கேட்வே எடுக்கற கமிஷன் அது மேல வேற. எல்லா பில்டரும் இப்படி எடுக்கறதில்ல, அதனால கேட்டுட்டு போங்க.

இப்ப கணக்கு. பிளான் மாசம் 30 டாலர், டாலர் 18 ரேண்டுன்னு வெச்சா 540. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கும் 15 சதவீதம் வாட் உண்டு, வாட் பதிவு இல்லாத கடைக்கு அது திரும்ப வராது, ஆக 621. மூணு வருஷத்துக்கு 22,356. 20,000 வியாபாரத்துல 2 சதவீதம் மாசம் 400, மூணு வருஷத்துக்கு 14,400. டொமைனுக்கு ஒரு 300 சேத்தா மொத்தம் 37,056 ரேண்டு. டாலர் ஏறினா இதுவும் ஏறும். எண்ணெல்லாம் நான் எடுத்துக்கிட்டதுதான், உங்க பிளான் விலைய போட்டு நீங்களே ஒருதரம் பெருக்கிப் பாருங்க.

வேர்ட்பிரஸ்ல வூகாமர்ஸ்ங்கற கடை ப்ளகின் போட்டா மென்பொருளுக்கு காசு கிடையாது. (வூகாமர்ஸ உருவாக்கின வூதீம்ஸ் கம்பெனிய ஆரம்பிச்சவங்கள்ல நம்ம தென்னாப்பிரிக்காக்காரங்களும் உண்டு, 2015ல வேர்ட்பிரஸ்.காம் நடத்தற ஆட்டோமாட்டிக் கம்பெனி அத வாங்கிடுச்சு. பேஃபாஸ்டுக்கு வூகாமர்ஸ் ப்ளகின் ரெடிமேடாவே இருக்கு.) உள்ளூர் ஹோஸ்டிங் மாசம் 120, ரேண்டுலயே கட்டலாம், டாலர் பயம் இல்ல. மூணு வருஷத்துக்கு ஹோஸ்டிங் 4,320, டொமைன் 300, முதல்ல போட்டுக் கொடுக்கறவருக்கு 8,000. 12,620ல முடிஞ்சுடுச்சுன்னு தோணும். இந்த எண்ணத்தான் எல்லாரும் பில்டரோட ஒப்பிடறாங்க, ஆனா இது பாதிக் கணக்குதான். மாசாமாசம் அப்டேட் போட்டு, பேக்கப் எடுத்து, ஒரு டெஸ்ட் ஆர்டர் போட்டுப் பாக்கறதுக்கு ஒருத்தர் வேணும், அவருக்கு மாசம் 300ன்னு வெச்சா 10,800. அப்ப மொத்தம் 23,420. இப்பவும் பில்டர விட 13,000 சொச்சம் கம்மிதான். ஆனா வியாபாரம் மாசம் 20,000 இல்லாம 5,000 தான்னா பில்டரோட கமிஷன் 14,400ல இருந்து 3,600ஆ இறங்கிடும், மொத்தம் 26,256 ஆகுது, வித்தியாசம் 3,000 கூட இல்ல. அந்தக் காசுக்காக வேர்ட்பிரஸ் பராமரிப்ப தலையில எடுத்துக்கணுமான்னு கேட்டா எனக்கு வேணாம்.

ஏன்னா வேர்ட்பிரஸ் கடை உடையறது கண்ணுக்குத் தெரியற மாதிரி உடையாது. சைட்டே திறக்கலன்னா யாராவது போன் பண்ணி சொல்லிடுவாங்க. மோசமானது வேற. வாடிக்கையாளர் காசு கட்டிட்டாங்க, அக்கா போன்ல கேட்வேல இருந்து பணம் வந்ததா மெசேஜும் இருக்கு, ஆனா வூகாமர்ஸ்ல அந்த ஆர்டர் `Pending payment`னே நிக்குது, கொஞ்ச நேரம் கழிச்சு பாத்தா `Cancelled`. "நான் கேன்சல் பண்ணவே இல்லையே தம்பி"னு அக்கா சொல்றாங்க. ஆமா, அவங்க பண்ணல.

நடக்கறது என்னன்னா, காசு கட்டினதும் வாடிக்கையாளர் திரும்ப நம்ம சைட்டுக்கு வர்றது ஒரு வழி, பேஃபாஸ்ட் சர்வர் நேரா நம்ம சர்வர கூப்பிட்டு "இந்த ஆர்டருக்கு பணம் வந்துருச்சு"ன்னு சொல்றது இன்னொரு வழி. ரெண்டாவதுதான் ஆர்டர `Processing`க்கு மாத்தும். அந்தக் கூப்பாடு போற முகவரியில `wc-api`ன்னு ஒரு துண்டு இருக்கும். யாரோ புதுசா ஒரு செக்யூரிட்டி ப்ளகின் போட்டாங்க, இல்ல "சைட் கட்டப்பட்டு வருகிறது"ன்னு ஒரு மறைப்புப் பக்கத்த போட்டு வெச்சாங்க, இல்ல ஹோஸ்டிங் ஃபயர்வால் சந்தேகப்பட்டுச்சுன்னா அந்தக் கூப்பாடு வாசல்லயே நின்னுடும். வூகாமர்ஸுக்கு பணம் வந்த சேதியே தெரியாது. அங்க `Hold stock (minutes)`னு ஒரு செட்டிங் இருக்கு, ஸ்டாக் கணக்கு போட்டு வெச்ச கடையில முதல்லயே 60ன்னு இருக்கும், அந்த நேரம் தாண்டினதும் பணம் வராத ஆர்டர அதுவே கேன்சல் பண்ணிடும். புரட்டாசி முதல் வாரத்துல இது நடந்தா எப்படி இருக்கும்னு பாத்துக்குங்க.

கண்டுபிடிக்கறது கஷ்டம் இல்ல. பேஃபாஸ்ட் டாஷ்போர்டுல பணம் வந்திருக்கு, வூகாமர்ஸ்ல அதே ஆர்டர் கேன்சல், ஆர்டர் பக்கத்துல வலது பக்கம் இருக்கற `Order notes`ல பணம் வந்ததா ஒரு வரி கூட இல்லன்னா, கூப்பாடு வந்து சேரலன்னு அர்த்தம். செக்யூரிட்டி ப்ளகின்ல அந்த முகவரிய விலக்கி வெச்சுட்டு, பத்து ரேண்டுக்கு ஒரு பொருள் போட்டு நிஜ கார்டுல நீங்களே வாங்கிப் பாக்கணும். எந்த அப்டேட் போட்டாலும் அதுக்கப்புறம் இந்த பத்து ரேண்டு டெஸ்ட் ஒண்ண போட்டுடணும், மாசம் 300 குடுக்கறது முக்கியமா இதுக்குத்தான். பில்டர்ல இந்தத் தலைவலி அநேகமா வராது, அந்தக் கூப்பாட்ட அவங்களே பாத்துக்கறாங்க, அந்த 37,000ல ஒரு பங்கு அதுக்கும் போகுது.

இப்ப சொந்த கோட். "என் அக்கா பையன் கம்ப்யூட்டர் படிச்சிருக்கான், எழுதித் தர்றேன்றான்"னு வர்றவங்க நிறைய. பையன் நல்லாத்தான் எழுதுவான், பொருள் பட்டியல், வாங்கற பொருள சேத்து வெக்கற கார்ட் எல்லாம் அழகா வரும். நான் பாக்கறது மேல சொன்ன அதே இடத்த. வாடிக்கையாளர் "நன்றி" பக்கத்துக்கு வந்ததுமே ஆர்டர பணம் கட்டினதா மாத்தறானா? அப்படின்னா அந்தப் பக்கத்தோட முகவரிய நேரா டைப் பண்ணியே ஒருத்தர் பணம் கட்டாம ஜீரகம் வாங்கிடலாம். கேட்வே அனுப்பற சேதிய வாங்கி, அது கேட்வேல இருந்துதான் வந்துச்சான்னு கையெழுத்த சரிபாத்துட்டு, நிலையையும் தொகையையும் ஒத்துப் பாக்கணும்:

```php
if ($_POST['payment_status'] !== 'COMPLETE'
    || abs($order_total - (float)$_POST['amount_gross']) > 0.01) {
    exit;
}
```

இது இல்லாத கோட நான் கடையில ஏத்த விடமாட்டேன். அது இருந்தாலும், பையனுக்கு அடுத்த வருஷம் கேப்டவுன்ல வேலை கிடைச்சுப் போயிட்டா கூரியர் ரேட்ட மாத்தறதுக்குக் கூட யார கேக்கறதுன்னு ஒரு பதில் வேணும். வெளியில குடுத்து எழுத வெச்சா 40,000 ரேண்டு கேட்டாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன், பராமரிப்பு அது மேல. அறுபது பொருள் கடைக்கு கார்ட்ட கையால எழுத எனக்கு ஒரு காரணமும் தெரியல.

ஆனா கார்ட் இல்லாத சொந்த கோட் வேற கதை, அது எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரே ஒரு எச்டிஎம்எல் பக்கம். கடை பேரு, நேரம், மேப், விலைப் பட்டியல், ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்துல ஒரு வாட்ஸ்ஆப் லிங்க்:

```html
<a href="https://wa.me/27XXXXXXXXX?text=Mother-in-law%20masala%20500g">
  ஆர்டர் பண்ண
</a>
```

நம்பர் 27ல ஆரம்பிக்கணும், முன்னாடி வர்ற 0வ எடுத்துடணும், பிளஸ் குறியும் வேணாம், இத தப்பா போட்டா லிங்க் திறக்கும், ஆனா நம்பரே இல்லன்னு சொல்லும். கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் மாதிரி இடத்துல இத இலவசமா வெக்கலாம், செலவு டொமைன் மட்டும், மூணு வருஷத்துக்கு அந்த 300. காசு வாங்க கேட்வேயோட பேமென்ட் லிங்க்க வாட்ஸ்ஆப்லயே அனுப்பினா போதும், ஸ்கிரீன்ஷாட்ட நம்பி சரக்கு அனுப்பற பயமும் போயிடும். விலை மாத்தணும்னா ஃபைல திறந்து எண்ண மாத்தி திரும்ப ஏத்தணும், அக்காவுக்கு எக்செல் தெரியும்ங்கறப்ப இது ஒரு மத்தியானம் உக்காந்து கத்துக்கற வேலைதான்.

நான் இந்தக் கடைக்கு சொன்னது இதத்தான், முதல்ல ஒரு பக்கமும் வாட்ஸ்ஆப்பும். புரட்டாசில ஆர்டர் குவிஞ்சு, 250 கிராமா 500 கிராமான்னு திரும்பத் திரும்ப சாட்ல கேட்டு அக்காவுக்கு கை ஓயற அளவுக்கு ஆச்சுன்னா அப்ப கார்ட்டுக்கு மாறலாம், மாசம் 10,000 ரேண்டு கிட்ட வரும்போது 300 ரேண்டுக்கு பாத்துக்க நம்பகமான ஆள் இருந்தா வேர்ட்பிரஸ், இல்லன்னா பில்டர். கற்பூரத்துக்கு மட்டும் எதுல போனாலும் "கடையில வந்து வாங்கிக்கங்க"ன்னு தனியா வெச்சுடுங்க, அது தீப்பிடிக்கற சரக்கு, கூரியர்ல விமானத்துல ஏத்த விடமாட்டாங்க. டொமைன கடை பேர்ல, கடை இமெயில்ல பதிவு பண்ணுங்க, போட்டுக் கொடுக்கறவரு பேர்ல வேணாம், நான் வந்து போட்டாலும் என் பேர்லயும் வேணாம்.