முகத்தை அளந்து ஃபெதர் வைப்பது: குழுப்படங்களில் தலை மாற்றும் வேலையில் நெடுநாள் அனுபவம்

திருமணக் குழுப்படத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கண் திறந்திருப்பது அபூர்வம். அதனால்தான் ஒரே நிலையில் நின்று நாலைந்து படங்களை அடுத்தடுத்து எடுக்கிறோம். பிறகு கணினியில், கண் மூடியவரின் தலையை அடுத்த படத்திலிருந்து எடுத்து வைக்கிறோம். அவருடைய முகத்துக்கு அவருடைய முகமே வருவதால் இந்த வேலையில் எனக்கு உறுத்தல் எதுவும் இல்லை. ஆனால் ஒட்டிய இடம் தெரியக்கூடாது. அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும், விளிம்பு எவ்வளவு அகலத்துக்கு மென்மையாகக் கரைய வேண்டும் என்று சொல்லும் ஃபெதர் என்ற ஒரே எண்தான்.

ஒரு லேயரில் எந்தப் பகுதி தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று குறிப்பது மாஸ்க். போட்டோஷாப்பில் 2008-இல் வந்த CS4 பதிப்பிலிருந்து இந்த மாஸ்க்குக்கென்று தனி Feather அளவுகோல் இருக்கிறது. இப்போது அது Properties பலகத்தில் இருக்கிறது. இத்தனை வருடங்களாக நான் நாள்தோறும் தொடும் வசதி இது. இதன் பெரிய நன்மை, வைத்த எண்ணைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது. லாசோ கருவியின் மேல்பட்டையிலும் ஒரு Feather பெட்டி உண்டு. அதில் வைத்த எண் தேர்வோடு கலந்துவிடும். பின்னால் குறைக்க முடியாது. போதாததற்கு, அடுத்த வேலைக்கும் அதே எண் அங்கேயே நிற்கும். அதை 0-இல் வைத்துவிட்டு, மென்மையாக்குவதை மாஸ்க்கில் மட்டும் செய்வதே நல்லது.

எத்தனை வைப்பது? இணையத்தில் எங்கு பார்த்தாலும் "5 பிக்சல் வையுங்கள்" என்று ஓர் எண் கிடைக்கும். ஃபெதர் பிக்சலில் அளக்கப்படுவதால், படத்தின் அளவைச் சொல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. 6000 பிக்சல் அகலமுள்ள படத்தில் 5 என்பது மெல்லிய கோடு. அதே படம் வாட்ஸ்அப்பில் சுருங்கி 1600 பிக்சலாக வந்திருந்தால், அந்த 5 கிட்டத்தட்ட நான்கு மடங்கு அகலமான பட்டை.

படத்தின் அகலத்தை மட்டும் பார்ப்பதும் போதாது. அதே 6000 பிக்சலில் பன்னிரண்டு பேர் நின்றால் ஒரு முகம் 180 பிக்சல் இருக்கும். மணமகள் மட்டும் நெருக்கத்தில் இருந்தால் 1400 பிக்சல் இருக்கும். ஆகவே நான் முகத்தைத்தான் அளக்கிறேன். ரூலர் கருவியை எடுத்து ஒரு கன்ன எலும்பிலிருந்து மறு கன்ன எலும்புவரை இழுத்தால் அகலம் கிடைத்துவிடும்.

```
ஃபெதர் = முகத்தின் அகலம் × 0.01
```

பெரியவர்களின் முகம் சுமார் 14 செ.மீ. அகலம் இருக்கும். அதில் நூற்றில் ஒரு பங்கு என்றால் தோலின் மேல் ஒன்றரை மில்லிமீட்டர் அளவு. படம் எந்த அளவில் இருந்தாலும் இந்த மில்லிமீட்டர் மாறாது. இந்தக் கணக்கை நான் நம்புவதற்குக் காரணம் அதுதான்.

பன்னிரண்டு பேர் படத்தையே எடுத்துக்கொள்வோம். நடுவில் அமர்ந்திருக்கும் பாட்டி கண் மூடியிருக்கிறார். அடுத்த படத்தில் திறந்திருக்கிறார். இரண்டையும் ஒரே கோப்பில் இரண்டு லேயர்களாக வைத்து, Edit > Auto-Align Layers கொடுத்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்துகிறேன். பாட்டி தலையைச் சற்றுத் திருப்பியிருந்தால் அந்த லேயரை மட்டும் நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். மேகம் விலகி ஒளி மாறியிருந்தால் Curves வைத்து நிறத்தையும் முதலில் சமன்செய்துவிடுகிறேன். நிறம் சேராத இரண்டு தோல்களை ஃபெதர் சேர்த்துவைக்காது. வேறுபாட்டை அகலமாகப் பரப்பிக் காட்டும், அவ்வளவுதான்.

பிறகு லாசோவால் தலையைச் சுற்றி வளைத்து மாஸ்க் போடுகிறேன். முகம் 180 பிக்சல் என்பதால் ஃபெதர் 1.8. எண் சிறிதாகத் தெரிந்தாலும், மென்மை விளிம்பின் இரு பக்கமும் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் பரவுகிறது. அதாவது 1.8 வைத்தால் மாறும் பகுதி மொத்தம் ஏழு பிக்சல். 18 அங்குல அகலத்தில் அச்சிட்டால் அது அரை மில்லிமீட்டர்தான், கண்ணுக்குச் சிக்காது. இதே முகத்துக்கு 10 வைத்துப் பாருங்கள். மாறும் பகுதி 40 பிக்சலாகி, முகத்தில் கால்பங்கை நெருங்கிவிடும். காதணி இரண்டாகத் தெரியும், சேலைக்கரை தாடையோடு கலங்கும். மணமகளின் 1400 பிக்சல் முகத்துக்கோ 14 வேண்டும். அங்கே 1.8 வைத்தால் கத்தரித்து ஒட்டியதுபோல் கன்னத்தில் கோடு விழும்.

நூற்றில் ஒரு பங்கு என்பது தொடக்க எண்தான். அதை இரண்டு எல்லைகளுக்குள் நகர்த்துகிறேன். படத்திலேயே இயற்கையாக இருக்கும் விளிம்பின் மென்மை கீழ் எல்லை. பின்வரிசையில் நிற்பவர் சற்றுக் குவியம் தவறியிருந்தால், அவருடைய தோள் விளிம்பே ஆறேழு பிக்சலில் கரைந்திருக்கும். அதைவிடக் கூர்மையாக மாஸ்க் இருந்தால் அந்த ஒரு தலை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். மேல் எல்லை, மாஸ்க் கோட்டிலிருந்து காது, கழுத்துச்சங்கிலி, நெற்றிப்பொட்டு போன்ற மிக அருகிலுள்ள பொருள்வரை இருக்கும் இடைவெளி. ஃபெதரின் இரண்டு மடங்கு அந்த இடைவெளிக்குள் அடங்க வேண்டும்.

கழுத்தில் மட்டும் தாராளமாக இருக்கலாம். தாடைக்குக் கீழே வெறும் தோலும் நிழலும்தான் இருப்பதால், மென்மையான தூரிகையால் மாஸ்க்கின் மேல் தடவி அந்த இடத்தை மட்டும் இரண்டு மூன்று மடங்கு அகலமாக்குகிறேன். தலை முழுவதற்கும் ஒரே ஃபெதர் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

பலரும் கவனிக்காத ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில் ISO 3200-இல் எடுத்த படங்களில் மணல்மணல் போன்ற இரைச்சல் இருக்கும். ஃபெதரின் நடுப்பகுதியில் இரண்டு படங்களும் பாதிக்குப் பாதி கலக்கின்றன. ஒவ்வொரு படத்தின் இரைச்சலும் வேறுவேறு என்பதால், கலந்த இடத்தில் அது சுமார் 70 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. நிறம் சரி, வடிவம் சரி, ஆனாலும் தலையைச் சுற்றி வழவழப்பாக ஒரு வளையம். முழுப் படத்தைப் பார்க்கும்போது இது தெரியாது. 100 சதவீதத்தில் வைத்துத் தோலின் மணலைப் பார்த்தால் தெரியும். ஃபெதர் அகலமாக ஆக, வளையமும் அகலமாகிறது. இத்தகைய படங்களில் நான் கணக்கில் வந்த எண்ணைப் பாதியாக்குகிறேன். குறைக்க முடியாத இடத்தில், மேலே 50% சாம்பல் நிரப்பிய ஒரு லேயரை Overlay முறையில் வைத்து, அந்த வளையத்தில் மட்டும் கொஞ்சம் Add Noise சேர்க்கிறேன்.

வேலை எப்போதும் கேமரா தந்த முழு அளவில்தான். எல்லா லேயர்களையும் ஒன்றாக்கிய பிறகே சுருக்குகிறேன். அப்போது விளிம்பும் முகத்தோடு சேர்ந்து அளவாகச் சுருங்கும். சுருங்கிய படம் மட்டுமே கையில் இருந்து, முகம் 48 பிக்சல்தான் என்றால் 0.5 வைக்கிறேன். Feather அளவுகோல் தசம எண்ணையும் ஏற்றுக்கொள்ளும்.

ஜிம்ப் பயன்படுத்துபவர்கள் என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே அதே எண் குறுகலான மென்மையைத் தருகிறது. கறுப்புத் தளத்தில் ஒரு சதுரத்தைத் தேர்ந்து, Select > Feather-இல் 20 கொடுத்து வெள்ளை நிரப்புங்கள். கறுப்பு முழு வெள்ளையாக மாற எத்தனை பிக்சல் எடுக்கிறது என்று பெரிதாக்கி எண்ணிப் பாருங்கள். என் கணக்கில் 20-க்கு அது சுமார் 80 பிக்சல். 80-ஐ நீங்கள் எண்ணியதால் வகுத்தால், உங்கள் மென்பொருளுக்கு எத்தனையால் பெருக்க வேண்டும் என்பது கிடைத்துவிடும்.

இந்தக் கணக்கு கைவிடும் இடம் முடி. வெளிர் வானத்துக்கு எதிரே பறக்கும் கூந்தலில் எந்த ஃபெதர் வைத்தாலும் ஒளிவளையம் வரும். அங்கே நான் மாஸ்க் கோட்டை முடியின் ஓரத்தில் போடுவதில்லை. நெற்றிக்குள்ளேயே, முடி தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து, கண்ணும் வாயும் உள்ள பகுதியை மட்டும் மாற்றிவிட்டு, பழைய படத்தின் கூந்தலை அப்படியே விட்டுவிடுகிறேன்.