கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-க்காக முதலில் பிராசஸரை மாற்றினேன்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

இந்த விளையாட்டை மட்டுமே மனத்தில் வைத்துக் கணினியை மேம்படுத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கிராஃபிக்ஸ் கார்டைத்தான் தேடுகிறார்கள். நான் அந்தப் பணத்தைப் பிராசஸருக்குச் செலவிட்டேன். பல மாதங்கள் தொடர்ந்து ஆடிய பிறகும் அந்த வரிசைதான் சரி என்று உறுதியாகச் சொல்வேன்.

என்னிடம் இருந்தது ரைசன் 5 3600 பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். சராசரி ஃப்ரேம் எண்ணிக்கை 200-ஐ ஒட்டி இருந்தபோதிலும், ஒரே இடத்தில் நான்கைந்து பேர் மோதும் நேரத்தில் ஆட்டம் இழுபட்டது. குறை எந்தப் பாகத்தில் இருக்கிறது என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ரெசல்யூஷனை 1920x1080-இலிருந்து 1280x960-க்குக் குறைத்து, அதே காட்சியை மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஃப்ரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் தடை கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கிறது. ஏறாமல் அப்படியே நின்றால் பிராசஸரோ ரேமோதான் தடை. எனக்கு ஏறவில்லை. மோதல் நேரங்களில் கார்டின் பயன்பாடு 70 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை என்பதும் அதையே உறுதிப்படுத்தியது.

ஒப்பிட்டுப் பார்க்க ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் கிடைக்கும் டஸ்ட்2 பெஞ்ச்மார்க் மேப்பைப் பயன்படுத்தினேன். ஓடி முடிந்ததும் அது கன்சோலில் இந்த வடிவில் ஒரு வரியைக் காட்டும்:

```
[VProf] FPS: Avg=..., P1=...
```

இதில் நான் முதலில் பார்ப்பது `P1` எண்ணைத்தான், ஏனென்றால் மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃப்ரேம்கள் எந்த நிலைக்கு இறங்கின என்பதை அதுவே காட்டுகிறது, எதிரி மூலையிலிருந்து வெளிப்படும் கணமும் பெரும்பாலும் அந்த ஒரு சதவீதத்துக்குள்தான் விழுகிறது. பழைய பிராசஸரில் இந்த எண் 90-ஐ ஒட்டியே இருந்தது. அதாவது அத்தகைய ஃப்ரேம் ஒன்று வர ஏறத்தாழ 11 மில்லிசெகண்ட் ஆனது. 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் 4.2 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை புதிய படத்தைக் கேட்கும் என்பதால், அந்த நிலையில் மானிட்டரை மட்டும் மாற்றியிருந்தால் முழுப் பலன் கிடைத்திருக்காது.

மதர்போர்டையும் ரேமையும் அப்படியே வைத்துக்கொண்டு ரைசன் 7 5700எக்ஸ்3டி பொருத்தினேன். பி450 போர்டு என்பதால், பழைய பிராசஸர் இருக்கும்போதே பயோஸைப் புதுப்பித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புதியது வேலை செய்யாமல் போகலாம். இதன் அதிகபட்ச வேகம் 4.1 கிகாஹெர்ட்ஸ், 3600-க்கோ 4.2. ஆனாலும் புதியது ஆட்டத்தில் தெளிவாக முந்துகிறது. காரணம் எல்3 கேஷ்: பழையதில் 32 எம்பி, புதியதில் 96 எம்பி. வீரர்களின் நிலை, தோட்டாவின் பாதை போன்ற தரவுகளை ரேம் வரை சென்று எடுத்துவரும் தேவை வெகுவாகக் குறைகிறது, அதனால் சராசரியைவிட `P1` அதிகமாக உயர்கிறது. என் கணினியில் அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கானது. இதைச் செய்வதற்கு முன், ரேம் இரண்டு குச்சிகளாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் பயோஸில் எக்ஸ்எம்பி இயக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அவசியம் பார்த்துவிடுங்கள். 3200 என்று அச்சிட்ட ரேம் 2400-இல் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளை நான் கண்டிருக்கிறேன். அதைச் சரிசெய்ய ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

இந்த மாற்றத்துக்குப் பிறகு தடை கிராஃபிக்ஸ் கார்டுக்கு இடம் மாறியது. புகைக்குண்டு வெடித்த இடத்தை நெருங்கும்போது கார்டு 98 சதவீதத்தைத் தொட்டது, மௌஸும் சற்றுக் கனத்தது போலத் தோன்றியது. கார்டு முழுச் சுமையில் இருக்கும்போது, பிராசஸர் தயாரித்த ஃப்ரேம்கள் அதற்கு முன்னால் வரிசையில் காத்திருக்கின்றன; நீங்கள் இப்போது அசைத்த மௌஸ் அசைவு அந்த வரிசை தீர்ந்த பிறகே திரைக்கு வருகிறது. என்விடியா ரிஃப்ளெக்ஸ் அந்த வரிசையைச் சேரவிடாமல் தடுக்கிறது. ஆதலால் ரிஃப்ளெக்ஸை இயக்கி, எம்எஸ்ஏஏ-வையும் நிழல் தரத்தையும் குறைத்தேன், கனம் போய்விட்டது. பிராசஸரே தடையாக இருக்கும் கணினியில் அந்த வரிசை ஏற்கெனவே காலியாகத்தான் இருக்கும் என்பதால், ரிஃப்ளெக்ஸால் அங்கே பெரிய மாற்றம் தெரியாது.

240 ஹெர்ட்ஸ் மானிட்டரை அதன் பிறகே வாங்கினேன். நகரும் எதிரியைக் கண்ணால் தொடர்வது உடனே எளிதானது. விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் 240-ஐ நாமே தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் அது 60-இலேயே நின்றுவிடக்கூடும். மௌஸைப் பொறுத்தவரை 1000 ஹெர்ட்ஸ் போதும். 8000 ஹெர்ட்ஸ் பிராசஸருக்குக் கூடுதல் சுமை தருகிறது.

1440 ரெசல்யூஷனில் உயர்ந்த தர அமைப்புகளோடு ஆடுபவருக்கு இந்த வரிசை பொருந்தாது. அவருடைய கார்டு பெரும்பாலும் 99 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், எனவே அவர் முதலில் மாற்ற வேண்டியது கார்டைத்தான்.