பேட்டரி மாற்றிய பிறகு சுருதி நின்றது: போன் கடையில் நான் வீணாகக் கொடுத்த 2,800 ரூபாய்

திருவையாற்றில் வீட்டிலேயே குழந்தைகளுக்கு வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். காலை ஆறு மணிக்கு ஒரு வகுப்பு, மாலை ஐந்தரைக்கு ஒரு வகுப்பு. பழைய சுருதிப்பெட்டி பழுதான நாளிலிருந்து, போனில் உள்ள தம்புரா செயலியைப் புளூடூத் ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டுத்தான் பாடவைக்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் போனின் பேட்டரி உப்பிவிட்டதால் தஞ்சாவூரில் ஒரு கடையில் 1,400 ரூபாய் கொடுத்து மாற்றினேன். அதன் பிறகு ஒரு முழு நாளுக்குச் சார்ஜ் நின்றது. அந்தக் கடையைப் பற்றி நாலு பேரிடம் நல்லவிதமாகச் சொல்லவும் செய்தேன்.

அந்த வாரமே மாலை வகுப்பில் தொல்லை ஆரம்பித்தது. குழந்தைகள் ஜண்டை வரிசையை இரண்டாம் காலத்தில் பாடிக்கொண்டிருப்பார்கள். திடீரென்று சுருதி நின்றுவிடும். ஐந்து கட்டையில் தொடங்கியவர்கள் ஒரு நிமிடத்துக்குள் மெல்லக் கீழே இறங்கிவிடுவார்கள். நான் போனை எடுத்துத் திரையைத் திறந்து செயலியை மறுபடி ஓட்டினால் சுருதி வரும். சில நிமிடங்களில் மறுபடி நிற்கும். கொஞ்ச நேரம் கவனிக்காமல் விட்டால் ஸ்பீக்கரே அணைந்து கிடக்கும்.

கடைக்குப் போனேன். மேஜைமேல் இருந்த சார்ஜரில் போனைச் செருகி, பத்து நிமிடம் ஓடவிட்டுக் காட்டினார் கடைக்காரர். ஒரு தடங்கலும் இல்லை. "போன் நன்றாக இருக்கிறது அம்மா. உங்கள் ஸ்பீக்கர்தான் பழையது, புளூடூத் இணைப்பு அறுந்துபோகிறது" என்றார். ஸ்பீக்கர் தானாக அணைவதை நானே பார்த்திருந்ததால் நம்பினேன். 2,200 ரூபாய்க்குப் புது ஸ்பீக்கர் வாங்கினேன். அன்று மாலையே அதே தொல்லை.

அடுத்தது அதைவிட மோசம். வகுப்பு நேரத்தில் போனை ஒலியில்லாமல் அதிர்வில் மட்டும் வைத்து மடியிலேயே வைத்துக்கொள்வேன். ஒரு நாள் ஒரு சிறுமியின் தாய், "கண்டியூரில் பஸ் கிடைக்கவில்லை, வரும்வரை பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று செய்தி அனுப்பியிருக்கிறார். எனக்கு அதிர்வே தெரியவில்லை. வகுப்பு முடிந்ததும் குழந்தையை வழக்கம்போல வாசலுக்கு அனுப்பிவிட்டேன். எட்டு வயதுப் பெண், இருட்டில் தெருமுனையில் முக்கால் மணி நேரம் தனியாக நின்றிருக்கிறாள். அந்தத் தாயின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. மறுநாள் கடையில் "அதிர்வு மோட்டார் போய்விட்டது" என்று 600 ரூபாய் வாங்கிக்கொண்டு மாற்றித் தந்ததாகச் சொன்னார்கள். கழற்றிய பழைய மோட்டாரை நான் கேட்கவில்லை, அவர்களும் தரவில்லை. செய்திகளுக்கு அதிர்வு அதன் பிறகும் வரவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தது என் மாணவி ஒருத்தியின் அண்ணன். பாலிடெக்னிக்கில் படிக்கும் பையன். தங்கையை அழைத்துப்போக வந்தவன் என்னிடம் இரண்டே கேள்விகள்தான் கேட்டான். "காலை வகுப்பிலும் நிற்கிறதா டீச்சர்?" இல்லை, மாலையில் மட்டும்தான். "யாராவது கூப்பிட்டால் அதிர்கிறதா?" யோசித்துப் பார்த்தேன், ஆமாம், அழைப்பு வந்தால் அதிர்கிறது. "அப்படியானால் மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லிவிட்டு, அமைப்புகளில் பேட்டரி பக்கத்தைத் திறந்து காட்டினான். Battery Saver என்ற மின்சேமிப்பு முறை, சார்ஜ் 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் தானாகவே இயங்கும்படி வைக்கப்பட்டிருந்தது. நான் அந்தப் பக்கத்தை அதுவரை திறந்ததே இல்லை.

அவன் விளக்கியபோது ஒவ்வொன்றும் பொருந்தியது. இரவு முழுவதும் சார்ஜ் ஏறியிருப்பதால் காலை ஆறு மணிக்குச் சேமிப்பு முறை வேலை செய்யாது. மதியத்துக்குள் 75-ஐத் தாண்டி இறங்கிவிடுவதால் மாலை வகுப்பு முழுக்க அதன் பிடியில்தான் நடக்கும். போனைச் சார்ஜரில் செருகினால் அந்த முறை விலகிக்கொள்ளும். கடை மேஜையில் எல்லாம் சரியாக ஓடியது அதனால்தான்.

அதிர்வு விஷயம் பலருக்கும் தெரியாதது, அதனால் விவரமாகச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு போன்களில் சேமிப்பு முறை இயங்கும்போது அழைப்புக்கும் அலாரத்துக்கும் வரும் அதிர்வை விட்டுவைக்கிறது. குறுஞ்செய்தி முதலிய அறிவிப்புகளுக்கும், விசைப்பலகையைத் தொடும்போதும் வரும் அதிர்வை நிறுத்திவிடுகிறது. மோட்டார் உண்மையிலேயே கெட்டிருந்தால் அழைப்புக்கும் அதிராது. ஆகவே போனை அதிர்வில் வைத்துவிட்டு, வீட்டில் ஒருவரை முதலில் செய்தி அனுப்பவும் பிறகு அழைக்கவும் சொல்லுங்கள். அழைப்புக்கு மட்டும் அதிர்ந்தால், சேமிப்பு முறையை அணைத்துவிட்டு மறுபடி ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். இப்போது அதிர்ந்தால் கடைக்குப் போக வேண்டிய வேலையே இல்லை. அப்போதும் அதிராவிட்டால், அந்தச் செயலியின் அறிவிப்பு அமைப்பில் அதிர்வு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சுருதி நின்றதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருந்தது. இசைக்கும் செயலி அறிவிப்புப் பட்டையில் தன் பெயரைக் காட்டிக்கொண்டு ஓடினால், சேமிப்பு முறையிலும் பொதுவாக அது நிற்பதில்லை. ஆனால் பல போன்களில் தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்தக் கட்டுப்பாடுகளையும் சேர்த்திருக்கிறார்கள். செயலி வாரியாகவும் ஒரு அமைப்பு உண்டு. தம்புரா செயலியின் படத்தை அழுத்திப் பிடித்து, அதன் தகவல் பக்கத்துக்குப் போய், பேட்டரி என்ற இடத்தைத் தொட்டோம். Unrestricted, Optimized, Restricted என்ற மூன்றில் கடைசியானது தேர்வாகியிருந்தது. பின்னணியில் செயலியை ஓடவிடாமல் இறுக்குவது அதுதான். முதலாவதற்கு மாற்றினோம். சில போன்களில் பேட்டரி பக்கத்திலேயே உறங்கவைக்கப்பட்ட செயலிகளின் பட்டியல் தனியாக இருக்கும்; அதிலும் உங்கள் செயலி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புளூடூத்தைக் குறை சொல்வதற்கு முன் ஸ்பீக்கரின் விளக்கைப் பாருங்கள். என் விஷயத்தில் ஒலி நின்ற பிறகும் நீல விளக்கு அசையாமல் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஏறத்தாழ பத்து நிமிடம் ஒலி வராததால்தான் ஸ்பீக்கர் தன்னைத் தானே அணைத்துக்கொண்டது. இணைப்பு அறுந்திருந்தால் விளக்கு முதலில் மினுக்கத் தொடங்கியிருக்கும். எது முதலில் நின்றது என்பதைக் கடைக்காரர் கேட்கவே இல்லை.

மறுநாள் இரண்டு அமைப்புகளையும் காட்டிக் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. "பேட்டரி நன்றாக நிற்கட்டும் என்றுதான் வைத்தோம் அம்மா" என்றார். சேமிப்பு முறையை அணைத்துவிட்டு ஒரு நாள் வைத்துப் பார்த்தேன். முழுதாக ஏற்றிய சார்ஜ் மாலை நாலு மணிக்கே 20-க்கு வந்துவிட்டது. புது பேட்டரி மட்டமானது என்பதைத்தான் அந்த 75 மறைத்து வைத்திருந்தது. ரசீதைக் காட்டிச் சண்டை போட்ட பிறகு பேட்டரியை மட்டும் வேறு மாற்றித் தந்தார்கள். மோட்டாருக்கு ரசீது இல்லை, 600 ரூபாய் திரும்பவில்லை; பெட்டி பிரித்த ஸ்பீக்கரையும் எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள்.

பேட்டரி மாற்றக் கொடுத்தவர்கள், போனை வாங்கியதும் கடையிலேயே சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரி பக்கத்தைத் திறந்து, சேமிப்பு முறை எத்தனை விழுக்காட்டில் இயங்கும்படி வைத்திருக்கிறது என்று அவர்கள் கண்முன்னே பாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.