"ஸ்லாட் செத்துப்போச்சு" என்று கடையில் சொன்னால் உடனே நம்பாதீர்கள்

போன மாதம் ரிச்சி தெருவில் ஒரு கடையில் என் லேப்டாப்புக்கு 512 ஜிபி எஸ்எஸ்டி போடக் கொடுத்தேன். ஹார்ட் டிஸ்க் அப்படியே இருக்கட்டும், பட்டை வடிவ எஸ்எஸ்டிக்காகக் காலியாக இருக்கும் எம்.2 ஸ்லாட்டில் மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் போனால், "சார், ஸ்லாட் செத்துப்போச்சு. பயாஸ்லயே காட்டல. போர்டு வேலை பாக்கணும், 4,500 ஆகும்" என்றார் கடைக்காரர். இதுவரை எதுவுமே மாட்டாத ஸ்லாட் எப்படிச் சாகும்? எஸ்எஸ்டிக்கு 2,600 ரூபாயைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அடிமூடியைக் கழற்றினால் எஸ்எஸ்டியின் வால்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஸ்க்ரூவே போடவில்லை! இதைச் சாய்வாகச் செருகி, தங்கநிறப் பின்கள் முழுக்க உள்ளே போகும்வரை தள்ளி, பிறகு படிய அழுத்தி ஸ்க்ரூ போட வேண்டும். அப்படியே செய்தேன். லேப்டாப் ஆன் ஆகும்போது F2 அழுத்தி, பயாஸ் என்கிற அடிப்படை செட்டிங்ஸ் திரையில் பார்த்தேன். அப்போதும் வரவில்லை.

திரும்பக் கழற்றி முனையைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பின்களுக்கு நடுவே இரண்டு வெட்டு. லேபிளில் SATA, அதாவது பழைய சாட்டா வகை என்றே போட்டிருந்தது. லேப்டாப் மேனுவலிலோ, அந்த ஸ்லாட் NVMe, அதாவது வேகமான என்விஎம்இ வகையை மட்டும்தான் எடுக்கும் என்று இருக்கிறது. இரண்டு வெட்டு உள்ளது அந்த ஸ்லாட்டில் அழகாகப் பொருந்திவிடும், ஆனால் சாட்டா லைன் அங்கே வராததால் ஏதோ மாட்டியிருக்கிறது என்றே லேப்டாப்புக்குத் தெரியாது. வெட்டை மட்டும் எண்ணி முடிவு செய்யாதீர்கள், சில என்விஎம்இ எஸ்எஸ்டிகளுக்கும் இரண்டு வெட்டு உண்டு. லேபிளைப் படியுங்கள்.

கடையில் போய்க் காட்டினேன். "நீங்க கழட்டிட்டீங்க, இனி மாத்த முடியாது" என்று கையை விரித்துவிட்டார். பில்லில் "512 ஜிபி எம்.2" என்று மட்டும்தான் எழுதியிருந்தார், எந்த வகை என்று இல்லை. வாதாட ஒன்றுமில்லை.

வேறு கடையில் என்விஎம்இ வாங்கி நானே மாட்டினேன். செத்துப்போன ஸ்லாட் முதல் தடவையிலேயே அதைக் காட்டியது. பூட் வரிசையில் மட்டும் பெயர் இல்லை. அதில் இன்னும் விண்டோஸ் ஏறவில்லையே, அதனால் அது சரிதான். ஆனால் விண்டோஸ் பென்டிரைவைப் போட்டால் அங்கேயும் புது டிஸ்க் வரவில்லை. காரணம், பயாஸில் VMD என்ற இன்டெல்லின் டிஸ்க் நிர்வாக வசதி ஆன் ஆகியிருந்தது. அதற்கான டிரைவர் இல்லாததால் இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரியவில்லை. அதை அணைத்தால் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் பழைய விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடலாம். அதனால் லேப்டாப் கம்பெனி தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, பென்டிரைவில் பிரித்துப் போட்டு, Load driver கொடுத்தேன். டிஸ்க் வந்துவிட்டது.

அந்த சாட்டா எஸ்எஸ்டி இப்போது டிராயரில் கிடக்கிறது. யுஎஸ்பி உறையாவது வாங்கிப் போடலாம் என்று பார்த்தால், அதிலும் என்விஎம்இ மட்டும் எடுக்கிற உறைதான் முதலில் கண்ணில் பட்டது.