மழைக்காலப் பரட்டைத் தலைக்குச் சீரமா, லீவ் இன் கண்டிஷனரா?

கார்த்திகை மாதத்தில் கிளிநொச்சியிலிருந்து மாங்குளத்துக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவள் நான். ஹெல்மெட்டைக் கழற்றினால் உச்சியில் முடி படிந்திருக்கும், காதுக்குக் கீழே தும்புத்தடி போல விரிந்து நிற்கும். தங்கை சிலிக்கோன் சீரம் பூசச் சொன்னாள். கூட வேலை செய்யும் அக்கா, தலையிலேயே விட்டுவிடும் லீவ் இன் கண்டிஷனரைச் சொன்னார். சென்ற மாரியில் வகிட்டின் இடப்பக்கம் சீரத்தையும் வலப்பக்கம் கண்டிஷனரையும் இரண்டு வாரம் பூசிப் பார்த்தேன்.

இரண்டும் செய்வது ஒரே வேலையல்ல. ஈரக்காற்றிலுள்ள நீரை மயிரிழை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த நீர் இழைக்குள் இருக்கும் மெல்லிய பிணைப்புகளைத் தளர்த்திவிடுவதால் ஒவ்வோர் இழையும் தன் போக்கில் வளைகிறது. அதுதான் பரட்டை. சீரத்தில் பெரும்பாலும் தண்ணீரே இராது. அதிலுள்ள சைக்ளோபென்டாசிலோக்சேன் ஆவியாகிப் போய்விடும். டைமெத்திகோன், டைமெத்திகோனோல் போன்றவை மட்டும் மெல்லிய படலமாக இழைமேல் தங்கும். அந்தப் படலம் நீர் உள்ளே போவதை முற்றாகத் தடுக்காது, மெதுவாக்கும். இழைகள் ஒன்றோடொன்று உரசுவதையும் குறைக்கும். லீவ் இன் கண்டிஷனரோ தண்ணீரில் கலந்த கொழுப்பு ஆல்கஹாலும், சேதமான இடங்களில் போய் ஒட்டும் நேர்மின்னேற்றமுள்ள பொருள்களும் சேர்ந்தது. அது முடியை மிருதுவாக்கிச் சிக்கெடுக்கும், ஆனால் ஈரத்துக்குப் பெரிய வேலியாக நிற்காது.

வலப்பக்கம் தோற்றதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. போத்தலின் பின்பக்கப் பட்டியலில் கிளிசரின் மூன்றாவதாக இருந்தது. கூடுதலாக உள்ள பொருளே முன்னால் எழுதப்படும் என்பதால் அதன் அளவு குறைவல்ல. கிளிசரின் ஈரத்தை இழுக்கும் பொருள். அடைமழை நாளில் அது காற்றிலிருந்து நீரை இழுத்து முடியை இன்னும் ஊதவைக்கிறது. காலை எட்டு மணிக்கு இரு பக்கமும் ஒன்றுபோல் இருந்தன. பதினொரு மணிக்கு வலப்பக்கம் மட்டும் எழும்பிவிட்டது. மாரிக்குக் கண்டிஷனர்தான் வேண்டுமென்றால் கிளிசரின் பட்டியலின் கடைசியில் உள்ளதாகவோ அறவே இல்லாததாகவோ தேடுங்கள். பல லீவ் இன் கண்டிஷனர்களில் அமோடைமெத்திகோன் என்ற சிலிக்கோனும் இருக்கும். ஆகவே இந்தப் போட்டியில் எதிரிகள் அவ்வளவு தூரத்தவர்கள் அல்லர்.

முதுகு நடுவரை நீளும் என் முடிக்கு மூன்று சொட்டுச் சீரம் போதும். துவாயால் ஒற்றிய ஈரமுடியில், உள்ளங்கையில் தேய்த்துக் காதுக்குக் கீழே மட்டும் பூச வேண்டும். நுனி வெடித்துச் சொரசொரப்பாக இருந்தால் முதலில் புளியங்கொட்டை அளவு கண்டிஷனர், அதன்மேல் சீரம். எண்ணெய் வைத்த தலையில் சீரம் பூசினால் பிசுபிசுப்புத்தான் மிஞ்சும். அம்மாவின் நல்லெண்ணெயை முழுகுவதற்கு முன் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எல்லோரும் பயப்படும் படிவு. சிலிக்கோன் தண்ணீரில் கரையாதுதான், ஆனால் நுரைக்கும் சாதாரண ஷாம்பூ அதை எடுத்துவிடும். தினமும் சீரம் பூசி, சீயாக்காயாலோ மிக மென்மையான ஷாம்பூவாலோ மட்டும் அலசுபவர்களுக்குத்தான் அடுக்கடுக்காக ஏறுகிறது. வாரம் ஒருமுறை சோடியம் லோரெத் சல்பேட் உள்ள ஷாம்பூவை இருமுறை போட்டு முழுகினால் எனக்குப் போதுமாக இருக்கிறது.

என்னை ஏமாற்றியது வேறொன்று. சீரத்தையே தொடர்ந்து பூசிவர, நான்காவது வாரம் நுனி மெழுகு பூசியதுபோல் கனத்து மங்கியது. சீரத்தைத்தான் குறைசொன்னேன். அதை நிறுத்தி, ஷாம்பூ இருமுறை போட்டும் மாறவில்லை. அப்போதுதான் கேத்தலுக்குள் படிந்திருந்த வெள்ளைப் படை நினைவுக்கு வந்தது. வன்னியில் எங்களைப்போலப் பலர் முழுகுவது கிணற்றின் கடினநீரில். அதிலுள்ள கல்சியம் முடியில் படிந்தாலும் இதே கனமும் மங்கலும்தான் வரும், சாதாரண ஷாம்பூ அதை நன்றாக எடுக்காது.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. மழை நன்றாகப் பெய்து கூரை கழுவப்பட்ட பின் இரண்டு வாளி மழைநீர் பிடியுங்கள். அதில் ஷாம்பூ இருமுறை போடுங்கள். கனம் போய்விட்டால் பெரும்பாலும் சீரத்தின் படிவு. போகாவிட்டால் அரைத் தேசிக்காயை ஒரு லீற்றர் நீரில் பிழிந்து வடித்து, முடி நீளத்தில் ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு, மழைநீரால் நன்றாக அலசுங்கள். தேசிக்காய்ச் சாறு தோலில் இருக்க வெயிலில் போனால் புண்ணாகும், அதனால் கழுத்தையும் கழுவிவிடுங்கள். எனக்கு அந்தத் தேசிக்காய் நீருக்குப் பிறகுதான் சீப்பு தடையில்லாமல் நுனிவரை இறங்கியது. சீரத்தை மறுபடி பூசத் தொடங்கிவிட்டேன். கண்டிஷனர் போத்தல், சோளகக் காற்று முடியை உலர்த்தும் மாதங்களுக்காக அலமாரியில் காத்திருக்கிறது.