மல்டிபாயிண்ட்டை அணைப்பதா, லேப்டாப்பை அடக்குவதா?

போனில் ஒரு நேர்காணல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பேச்சு சட்டென்று நிற்கிறது. லேப்டாப்பில் மெயில் வந்ததற்கான ‘டிங்’ ஒன்று காதில் விழுகிறது. அப்புறம் நிசப்தம். போனை எடுத்து மறுபடி பிளே அழுத்தினால்தான் பேச்சு திரும்புகிறது. பத்து நிமிடத்தில் அடுத்த மெயில், மறுபடி அதே கதை. ஹெட்போன் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அதில் ஒரு கோளாறும் இல்லை. அது தனக்குச் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

இந்தத் தொல்லைக்கு இரண்டு வழிகள் உண்டு. ப்ளூடூத் ஹெட்போன் போனோடும் லேப்டாப்போடும் ஒரே நேரத்தில் இணைந்திருக்க உதவும் மல்டிபாயிண்ட் வசதியை முழுவதுமாக அணைத்துவிடுவது ஒன்று. அதை அப்படியே விட்டு, லேப்டாப் அனுப்பும் தேவையற்ற ஒலிகளை நிறுத்துவது இன்னொன்று. இரண்டையும் பல வாரங்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். எது யாருக்குப் பொருந்தும் என்று பார்ப்பதற்கு முன், ஹெட்போன் ஏன் தாவுகிறது என்பது தெரிய வேண்டும்.

மல்டிபாயிண்ட்டில் ஹெட்போன் ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணைப்பில் இருக்கும். ஆனால் பெரும்பாலான மாடல்களில் ஒன்றின் ஒலியைத்தான் அது ஒரு சமயத்தில் ஒலிக்கும். இரண்டும் ஒலி அனுப்பினால் யாருக்கு முதலிடம் என்பதை ஹெட்போனுக்குள் இருக்கும் மென்பொருள் முடிவு செய்கிறது. அழைப்புக்கு முன்னுரிமை என்பது ஏறக்குறைய எல்லாரும் பின்பற்றும் விதி. பாட்டு, வீடியோ என்று வரும்போதுதான் மாடலுக்கு மாடல் வேறுபடுகிறது. சில மாடல்கள் முதலில் ஒலிக்கத் தொடங்கியதையே பிடித்துக்கொள்ளும், அதை நிறுத்தும்வரை மற்றதை உள்ளே விடாது. வேறு சில மாடல்களில் கடைசியாக ஒலி அனுப்பியதே ஜெயிக்கும்.

உங்களுடையது எந்த வகை என்று அறிய ஒரு நிமிடம் போதும். போனில் பாட்டை ஓடவிட்டு, அதை நிறுத்தாமலேயே லேப்டாப்பில் ஒரு வீடியோவை ஓட்டுங்கள். பாட்டு தொடர்ந்தால் முதல் வகை. வீடியோவுக்கு மாறினால் இரண்டாவது வகை. இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த அமைப்பையும் மாற்றாதீர்கள், ஏனென்றால் இரண்டு வகைக்கும் நோய் வேறு வேறு.

கடைசியில் வந்தது ஜெயிக்கும் வகையில், அரை விநாடி ‘டிங்’ கூட ஒரு முழு வீடியோவுக்குச் சமம். லேப்டாப்பிலிருந்து ஒலி வரத் தொடங்கியதும் ஹெட்போன் அந்தப் பக்கம் திரும்புகிறது. பல மாடல்கள் அப்போது போனுக்கு ‘நிறுத்து’ என்ற கட்டளையையும் அனுப்பிவிடும். டிங் முடிந்த பிறகும் பேச்சு தானாகத் தொடராமல் இருந்தது இதனால்தான்.

முதலில் வந்தது ஜெயிக்கும் வகையில் அறிகுறி நேர்மாறாக இருக்கும். போனில் பாட்டு ஓடுவதாகத் திரை காட்டும், காதில் ஒன்றும் கேட்காது. லேப்டாப்பில் ஏதோ ஒரு செயலி ஒலிப் பாதையைத் திறந்து வைத்துக்கொண்டு வெறும் மௌனத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். மௌனமும் ஒலி ஓட்டம்தான் என்று ஹெட்போன் எடுத்துக்கொள்கிறது.

மூன்றாவது அறிகுறி ஒன்று உண்டு. இது இரண்டு வகைக்கும் பொது: ஒலி திடீரென்று பழைய தொலைபேசி போல் மெலிந்துபோய், போன் பக்கம் மாறவே மாறாது. லேப்டாப்பில் ஏதோ ஒன்று ஹெட்போனின் மைக்கைத் திறந்திருக்கிறது என்று பொருள். மைக் திறந்ததும் ப்ளூடூத் இணைப்பு, இசைக்கான ஏற்பாட்டிலிருந்து அழைப்புக்கான ஏற்பாட்டுக்கு மாறிவிடும். அதில் ஒலியின் மாதிரி வீதம் பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான், அதனால்தான் அந்த மெலிவு. ஹெட்போனைப் பொறுத்தவரை அது ஒரு நடப்பு அழைப்பு. மீட்டிங்கில் சேர்வதற்கு முன் வரும் முன்னோட்டப் பக்கத்தை ஒரு டேபில் திறந்து அப்படியே மறந்துவிட்டால் இது நடக்கும். விண்டோஸில் டாஸ்க்பாரில் மைக் படமும், மேக்கில் மேலே ஆரஞ்சுப் புள்ளியும் தெரிந்தால் இதுதான் காரணம்.

சரி, முதல் வழிக்கு வருவோம். மல்டிபாயிண்ட்டை ஹெட்போனின் செயலியில் அணைக்கலாம். சோனியில் இதன் பெயர் `Connect to 2 devices simultaneously`. அணைத்தவுடன் தாவல் முற்றிலும் நின்றுவிடும், இதில் சந்தேகமே இல்லை. சில பழைய மாடல்களில் ஒலித்தரத்துக்கும் இது லாபம். சோனி WH-1000XM4-இல் மல்டிபாயிண்ட் இயங்கும்போது, ஒலியை உயர்தரத்தில் அனுப்பும் LDAC முறை கிடைக்காது, அணைத்தால்தான் கிடைக்கும்.

இதற்குக் கொடுக்கும் விலை, ஒவ்வொரு முறையும் கையால் மாற்றும் வேலை. இப்போது இணைந்திருக்கும் கருவியில் துண்டித்து, அடுத்ததில் இணைக்க வேண்டும். சில மாடல்கள் புதிய கருவி கேட்டவுடன் பழையதை விட்டுவிடும். பல மாடல்கள் நீங்கள் துண்டிக்கும்வரை அசையாது. அதைவிட, லேப்டாப்பில் இருக்கும்போது போனுக்கு வரும் அழைப்பு ஹெட்போனில் கேட்காது. இரைச்சல் நீக்கும் வசதி வேறு ஓடிக்கொண்டிருந்தால், மேசை மேல் போன் அடிப்பதே தெரியாது. நான் இரண்டு முக்கியமான அழைப்புகளை இப்படித்தான் தவறவிட்டேன். ஹெட்போனை இயக்கும்போது அது கடைசியாக இணைந்திருந்த கருவியைத் தேடிப் போகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பக்கத்து அறையில் லேப்டாப் விழித்திருந்தால் அதோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது வழியில் வேலை கொஞ்சம் அதிகம், ஆனால் ஒரே ஒரு முறைதான். முக்கியமான மாற்றம் இது: லேப்டாப்பின் பொதுவான ஒலி வெளியீடாக அதன் சொந்த ஸ்பீக்கரையே வைத்துவிட்டு, ஹெட்போன் வேண்டிய செயலிக்கு மட்டும் அதைக் காட்டிக்கொடுப்பது. விண்டோஸில் `Settings > System > Sound > Volume mixer` போனால் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக வெளியீட்டைத் தேர்ந்தெடுக்கலாம். மீட்டிங் செயலிகளில் அவற்றின் ஒலி அமைப்பிலேயே இந்தத் தேர்வு இருக்கும். மெயிலின் டிங் இனி ஸ்பீக்கரில் ஒலிக்கும், ஹெட்போன் வரை வராது. மேக்கில் இன்னும் எளிது. `System Settings > Sound` பக்கத்தில் `Play sound effects through` என்பதை மட்டும் மேக்கின் ஸ்பீக்கருக்கு மாற்றினால், பாட்டு ஹெட்போனிலும் கணினியின் எச்சரிக்கை ஒலிகள் வெளியிலும் என்று பிரிந்துவிடும். செயலிகள் தாமே எழுப்பும் ஒலிகள் சில இதற்குக் கட்டுப்படாது, அவற்றை அந்தந்தச் செயலியில்தான் அணைக்க வேண்டும்.

மௌனத்தை அனுப்பும் செயலியைக் கண்டுபிடிக்க விண்டோஸில் ஒரு நல்ல கட்டளை இருக்கிறது. நிர்வாகி உரிமையோடு திறந்த டெர்மினலில் இதை அடியுங்கள்:

```
powercfg /requests
```

ஒன்றுமே ஒலிக்காத நேரத்திலும் `An audio stream is currently in use` என்று வந்தால், ஏதோ ஒன்று பாதையைத் திறந்து வைத்திருக்கிறது. என் லேப்டாப்பில் அப்படித்தான் வந்தது. திறந்திருந்த செயலிகளை ஒவ்வொன்றாக மூடி, ஒவ்வொரு முறையும் கட்டளையை மறுபடி ஓட்டினேன். உலாவியை மூடியும் அந்த வரி போகவில்லை. காலையில் ஒரு பதிவை வெட்டிவிட்டுச் சுருக்கி வைத்திருந்த ஆடியோ எடிட்டரை மூடியதும் போய்விட்டது. அப்படிப்பட்ட செயலிகள் எதையும் ஒலிக்காதபோதும் ஒலிக் கருவியை விடாமல் பிடித்திருக்கும். அதன் வெளியீட்டை ஸ்பீக்கருக்கு மாற்றினேன், அன்றோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

மைக் விஷயத்தில் மட்டும் யோசித்து முடிவெடுக்க வேண்டும். விண்டோஸில் `mmsys.cpl` என்று ஓட்டி, `Recording` பகுதியில் ஹெட்போனின் மைக்கை `Disable` செய்தால், லேப்டாப்பால் அதைத் திறக்கவே முடியாது. மீட்டிங்கில் பேச லேப்டாப் மைக் பயன்படும், உங்கள் காதில் விழும் குரல் முழுத் தரத்தோடு இருக்கும். ஆனால் ஹெட்போனுக்கு இப்போது மீட்டிங் என்பது அழைப்பு இல்லை, வெறும் வீடியோ மாதிரிதான். கடைசியில் வந்தது ஜெயிக்கும் வகையென்றால், மீட்டிங் நடுவே போனில் ஓடத் தொடங்கும் ஒரு குறுவீடியோ எதிராளியின் குரலை வெட்டிவிடும். மைக்கை விட்டுவைத்தால் இந்த ஆபத்து இல்லை, தரம்தான் போகும். சத்தமான இடத்திலிருந்து பேசுகிறவர்கள் மைக்கை விட்டுவைப்பதே நல்லது. அமைதியான அறையில் இருக்கிறவர்கள் முடக்கிவிட்டு, மீட்டிங் நேரத்தில் போனை அமைதியில் போடலாம்.

இந்த இரண்டில் என் தேர்வு லேப்டாப்பை அடக்குவதுதான். போன் அழைப்பு காதிலேயே கேட்பதுதான் மல்டிபாயிண்ட்டின் பெரிய பயன். ஒரு டிங்குக்காக அதை இழக்க எனக்கு மனமில்லை. ஆனால் அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் அமைப்புகளை மாற்ற அனுமதி இல்லையென்றால், தயங்காமல் அணைத்துவிடுங்கள். நாள் முழுவதும் ஒரே கருவியில் கேட்கிறவர்களுக்கும் அதுவே போதும்.

ஏர்பாட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. ஐபோனுக்கும் மேக்குக்கும் நடுவே அது தாவுவது மல்டிபாயிண்ட்டால் அல்ல, ஒரே ஆப்பிள் கணக்கில் இருக்கும் கருவிகளுக்குள் நடக்கும் தானியங்கி மாற்றத்தால். ஐபோனில் ஏர்பாட்ஸ் அமைப்புக்குள் `Connect to This iPhone` என்பதை `When Last Connected to This iPhone` என்று மாற்றுங்கள். மேக்கிலும் இதே போன்ற வரி உண்டு, அதையும் மாற்றினால்தான் முழுப் பலன். விண்டோஸ் லேப்டாப்புக்கு இந்தத் தானியங்கி மாற்றம் கிடையாது, அங்கே கையால்தான் இணைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் தாவல் இருந்தால், மூன்றாவது கருவி எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். டேப்லெட்டோ டிவியோ முன்பு எப்போதோ இணைத்திருப்பீர்கள். பொதுவாக ஹெட்போனுக்கு இரண்டு இடங்கள்தான், மூன்றாவது உள்ளே வந்தால் போனோ லேப்டாப்போ வெளியே போக வேண்டும். அந்தப் பழைய கருவியின் ப்ளூடூத் பட்டியலிலிருந்து ஹெட்போனை நீக்குங்கள். அதுவும் பலிக்காவிட்டால் ஹெட்போனையே ஆரம்ப நிலைக்கு மீட்டு, போனையும் லேப்டாப்பையும் மட்டும் புதிதாக இணையுங்கள்.